திறக்காத மேக்குக்குள் இருந்த நாற்பது வினாடி

புதுவாயலிலிருந்து அந்தப் பெண் எனக்கு முதல் தடவை போன் செய்தது ஒரு வியாழக்கிழமை. நான் வேப்பம்பட்டு வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். குரல் பழக்கமில்லாதது. என் பெயரைச் சொல்லி, தொழிற்சாலையில் வீடியோ எடுத்த அக்கா நீங்கள்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு, தன் வீட்டுக்காரர் பிரஸ் மெஷினில் வேலை செய்பவர் என்றும், இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன என்றும் சொன்னாள்.

எனக்கு அந்த மெஷின் உடனே ஞாபகம் வந்தது. ஆளும் ஞாபகம் வந்தார்.

என் தொழில் தொழிற்சாலைகளுக்குப் பயிற்சிப் படம் எடுப்பது. புதிதாகச் சேரும் தொழிலாளர்களுக்குப் போட்டுக் காட்டுவார்களே, ஹெல்மெட் போடுங்கள், ஷூ போடுங்கள், ஓடும் மெஷினில் கை வைக்காதீர்கள் என்று, அந்த மாதிரிப் படம். கேமரா, ஒரு மைக், ஒரு மேக்புக் லேப்டாப், இவைதான் என் கம்பெனி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பாதிப் பட்டறைகளுக்குள் நான் போயிருக்கிறேன்.

அந்தத் தொழிற்சாலையில் நான் எடுத்ததும் பாதுகாப்புப் படம்தான். இரும்புத் தகட்டை அழுத்தி உருப்படி செய்யும் பிரஸ் மெஷின் முன்னால் கம்பிவலைக் கதவு ஒன்று இருக்க வேண்டும். அச்சு இறங்கும் இடத்துக்குள் கை போகாமல் தடுப்பது அது, கார்டு என்பார்கள். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனபோது அந்தக் கதவைத் திறந்து, மேலே கட்டுக்கம்பியால் கட்டிவைத்திருந்தார்கள். கதவை ஒவ்வொரு தடவையும் மூடித் திறந்தால் உருப்படி எண்ணிக்கை குறையுமாம். அந்த ஆள் தகட்டை உள்ளே வைப்பதும் கையை இழுப்பதும் அச்சு இறங்குவதுமாக வேலை ஓடிக்கொண்டிருந்தது. நான் யோசிக்காமல் ரெக்கார்டு அழுத்தினேன். நாற்பது வினாடி இருக்கும். மேற்பார்வையாளர் ஓடி வந்து, "அது வேணாம் மேடம். கார்டு மாட்டிடறோம், அப்புறம் எடுங்க" என்றார். கம்பியை அவிழ்த்துக் கதவை மூடினார்கள். மறுபடி எடுத்தேன். படத்தில் அதுதான் போயிற்று. முதலில் எடுத்தது என் மேக்கில் மூலக் கோப்புகளோடு கிடந்தது.

இதை நான் எங்கும் போய்ச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுகூட அன்றைக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண் சொன்ன விஷயம் இதுதான். கார்டு எப்போதும் மாட்டித்தான் இருந்தது, அவர்தான் அவசரத்தில் அன்றைக்குக் கழற்றினார் என்று நிர்வாகம் சொல்கிறது. கூட வேலை செய்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் இவர்களுக்காக நிர்வாகத்திடம் பேச வருகிறார். கையில் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று அவர் கேட்டபோதுதான், நான் வீடியோ எடுத்ததை வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, அந்த வீடியோ உங்ககிட்ட இன்னும் கீதா?"

இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். அவள் நன்றி சொல்லவில்லை. "மறந்துடாதீங்க அக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

கொடுத்தால் அந்தத் தொழிற்சாலை என்னை இனி உள்ளே விடாது. ஒரு இடத்தில் நடந்தது தொழிற்பேட்டை முழுக்கத் தெரிய ஒரு வாரம் போதும். கொடுக்காமல் இருக்கவும் முடியாது. அன்றைக்கு மேக்கைத் திறக்கவே இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை திறந்தேன். டிஸ்க் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை வழக்கம்போல வந்தது. பல மாதங்களாக வந்துகொண்டிருப்பதுதான், பார்க்காததுபோல மூடிவிடுவேன். அதோடு, மென்பொருளைப் புதுப்பிக்கட்டுமா என்று கேட்டது. அதையும் வாரக்கணக்கில் தள்ளிப்போட்டிருந்தேன். அன்றைக்கு என்ன நினைத்தேனோ, சரி என்று அழுத்தினேன். இப்போது யோசித்தால், அந்தக் கோப்புறையைத் திறப்பதை இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போட எனக்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது என்றுதான் தோன்றுகிறது.

மேக் அணைந்தது. கருப்புத் திரையில் லோகோ வந்தது, அதற்குக் கீழே மெல்லிய கோடு நகர்ந்தது. முக்கால் தூரம் போய் நின்றது. அரை மணி நேரம் அப்படியே இருந்து, தானாக அணைந்து, மறுபடி லோகோ, மறுபடி கோடு, அதே இடம். மதியம் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பவர் பட்டனை அழுத்தி அணைத்துப் போட்டேன். சார்ஜரை மாற்றினேன். கோடு முக்கால் தூரத்தைத் தாண்டவே இல்லை.

வேறு பிரதி இல்லை. கேமராவின் மெமரி கார்டை அதற்குப் பிறகு வேறு படப்பிடிப்புகளுக்காக மூன்று நான்கு தடவை அழித்து எழுதியாகிவிட்டது. வெளி டிஸ்க் நிரம்பிப் போய், புதியது வாங்க வேண்டும் என்று நினைத்தபடியே மாதங்கள் ஓடிவிட்டன. மற்றவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுக்கிறவள் நான்.

சனிக்கிழமை மதியம் ரயிலில் ஆவடிக்குப் போய், ஒரு சர்வீஸ் கடையில் காட்டினேன். கடைக்காரர் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். உள்ளே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக மென்பொருள் ஏற்றினால் மேக் ஓடும், இதிலெல்லாம் டிஸ்க்கைத் தனியாகக் கழற்ற முடியாது, போர்டோடு ஒட்டியது என்றார். உள்ளே இருப்பதை முதலில் எடுக்க முடியாதா என்று கேட்டேன்.

"டேட்டா போச்சுன்னே வெச்சுக்கங்க மேடம்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டபோது எனக்கு வருத்தம் வந்தது. அதற்கு அடியில் ஒரு நிம்மதியும் வந்தது. இனி முடிவெடுக்க வேண்டியது நான் இல்லை. மெஷின் கெட்டுவிட்டது, நான் என்ன செய்வேன். மேக்கை அழிக்கக் கொடுக்காமல் பையில் திரும்பப் போட்டுக்கொண்டேன் என்பது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த நல்ல காரியம். அதுவும் யோசித்துச் செய்ததில்லை.

ஆவடி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டே அந்தப் பெண்ணுக்கு போன் செய்தேன். கம்ப்யூட்டர் திறக்கவில்லை, கடையில் காட்டினேன், உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது என்று சொன்னார்கள் என்றேன். அவள் சண்டை போடவில்லை, அழவுமில்லை. "வேற எதுலயும் இல்லையா அக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சரி, நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றாள். நான் எனக்கே சொல்லிக்கொண்ட அதே வார்த்தையை அவள் எனக்காகச் சொன்னாள். ரயில் வந்தது. ஏறி உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. சாயங்காலம், திருவள்ளூரில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் ஒருவரை அழைத்தேன். நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில் மாடியில் அவருடைய ஸ்டூடியோ. அவரிடம் இரண்டு மேக் உண்டு. புலம்புவதற்காகத்தான் அழைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"லோகோ வருதில்ல? அப்போ உயிரோடதான் இருக்கு. காலைல எடுத்துக்கினு வா. எதையும் அழிக்காத."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு அங்கே இருந்தேன். முகூர்த்த நாள் என்பதால் தெருவெல்லாம் மேளம். அண்ணன் மேஜையில் என் மேக்கை வைத்து, சார்ஜரைச் செருகி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் இரண்டு நாளாக அழுத்தி அழுத்தி விட்டிருந்தேன், அவர் விடவில்லை. லோகோவுக்குக் கீழே தொடக்கத் தேர்வுகள் வருகின்றன என்று எழுத்து வந்த பிறகுதான் விரலை எடுத்தார். டிஸ்க் படம் ஒன்றும் பல்சக்கரம் ஒன்றும் தெரிந்தன. பல்சக்கரத்தைத் தேர்ந்து உள்ளே போனார். என் பயனர் பெயரைக் காட்டிக் கடவுச்சொல் கேட்டது.

நான் தட்டினேன். தவறு என்றது. தினமும் தட்டுகிற சொல்தான். அவசரத்தில் எங்கோ விரல் தப்பியிருக்கிறது. இரண்டாவது தடவை ஒவ்வொரு எழுத்தாக வாயால் சொல்லிக்கொண்டே தட்டினேன். திறந்தது.

ரெக்கவரி என்கிற அந்தத் திரையில் நான்கைந்து வாசல்கள் மட்டும் இருந்தன. மென்பொருளை மறுபடி நிறுவுவது அதில் ஒன்று. அண்ணன் அதைத் தொடவில்லை. டிஸ்க் யூடிலிட்டியைத் திறந்தார். இடது பக்கம் இரண்டு பகுதிகள் தெரிந்தன. மென்பொருள் இருப்பது ஒன்று, என்னுடைய கோப்புகள் இருப்பது இன்னொன்று. இரண்டாவது மங்கலாக இருந்தது. அதைத் தேர்ந்து, இணைப்பதற்கான மவுன்ட் பட்டனை அழுத்தியதும் மறுபடி கடவுச்சொல் கேட்டது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதியை நான் எப்போதோ போட்டிருந்தேன். கொடுத்ததும் மங்கல் போய்ப் பளிச்சென்று தெரிந்தது. மீதி இடம் கிட்டத்தட்டப் பூஜ்யம்.

"மூச்சு விடக்கூட எடம் இல்லாம வெச்சிருக்க. அதான் எழுந்திருக்க முடியல. ஆனா உள்ள இருக்கறது அப்பிடியே இருக்கு" என்றார் அண்ணன்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் மூன்று மணி நேரம் ஒன்றும் நகரவில்லை. அண்ணனிடம் இருந்த பெரிய வெளி டிஸ்க்கைச் செருகினோம். ரெக்கவரியிலேயே டெர்மினல் என்கிற கருப்பெழுத்து ஜன்னலைத் திறந்து, நகலெடுக்கும் கட்டளையை அவர் தட்டினார். இந்த டிஸ்க்கில் படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது என்று பதில் வந்தது. அது விண்டோஸ் கம்ப்யூட்டருக்காக வடிவமைத்த டிஸ்க். மேக் அதை வாசிக்கும், அதில் எழுதாது. மாற்றி வடிவமைத்தால் உள்ளே இருக்கும் கல்யாணங்கள் எல்லாம் அழியும். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாளில் புது டிஸ்க்குக்காக நான் கடைத்தெரு முழுக்க நடந்தேன். திறந்திருந்த ஒரே கடையில் போன் உறைகள் மட்டும் இருந்தன.

திரும்பி வந்தபோது அண்ணன் வேறு வழிக்குப் போயிருந்தார். மேல் பட்டியில் யூடிலிட்டீஸுக்குள் டிஸ்க்கைப் பகிர்வதற்கு ஒரு வழி இருக்கிறது. அதைத் தேர்ந்து, என் டிஸ்க்கைக் காட்டி, பகிரத் தொடங்கு என்று அழுத்திவிட்டால், என் மேக் தானாக எதுவும் செய்யாமல் திறந்த பெட்டி மாதிரி கிடக்கும். இன்னொரு மேக் கேபிள் வழியாக அதற்குள் கைவிட்டு எடுத்துக்கொள்ளலாம். கேபிள் ஒன்றை இரண்டுக்கும் நடுவே செருகினார். அவருடைய மேக்கில் நெட்வொர்க் என்ற இடத்தைத் திறந்தால் காலியாக இருந்தது. கழற்றிச் செருகினோம், பக்கம் மாற்றினோம், என் மேக்கில் பகிர்வதை நிறுத்தி மறுபடி தொடங்கினோம். ஒன்றும் வரவில்லை. நான் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டேன். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமே இல்லை. பார்த்துக்கொண்டிருப்பதுகூட அவருக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசியில் கேபிள்தான் கோளாறு. அது ஏதோ போனோடு வந்த, மின்சாரம் மட்டும் போகிற கேபிள். அதில் தகவல் போகாது. வேகமான டிஸ்க் ஒன்றோடு வந்த குட்டைக் கேபிளை இழுப்பறையில் தேடி எடுத்துச் செருகினார். இரண்டு மேக்கையும் மூக்கோடு மூக்காக நகர்த்த வேண்டியிருந்தது. அரை நிமிஷத்தில் நெட்வொர்க்கில் என் மேக்கின் பெயர் தெரிந்தது. விருந்தாளியாக நுழை என்பதை அழுத்தினார். என் கோப்புறைகள் வரிசையாக வந்து நின்றன.

முழுவதையும் இழுத்துவிடப் போனவரை நிறுத்தி, முதலில் அந்த ஒரு கோப்பை மட்டும் எடுங்கள் என்றேன். படப்பிடிப்பு நாளின் கோப்புறைக்குள் பதினாறாவது கோப்பு. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திறந்தோம். பட்டறைச் சத்தம் ஸ்டூடியோவை நிறைத்தது. கட்டுக்கம்பியால் மேலே கட்டிய கதவு தெளிவாகத் தெரிந்தது. அந்த ஆளின் முகம் தெரிந்தது. தகடு, கை, அச்சு. மேற்பார்வையாளரின் குரல்கூட கடைசியில் பதிவாகியிருந்தது. கோப்பின் விவரத்தில் படமெடுத்த தேதி அப்படியே இருந்தது. மீதியை நகலுக்குப் போட்டபோது நான்கு மணி நேரம் ஆகும் என்று காட்டியது.

மாடிப்படிக்கு வந்து அந்தப் பெண்ணுக்கு போன் செய்தேன். கிடைத்துவிட்டது, இன்றைக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.



"நேத்து சாயங்காலமே கையெழுத்து போட்டுட்டோம் அக்கா."

நான் போன் செய்த இரண்டு மணி நேரத்தில், அவரை அங்கே வேலைக்குச் சேர்த்த கான்ட்ராக்டர் வீட்டுக்கு வந்திருக்கிறார். முன்பே ஒரு தடவை கொண்டுவந்து, இவர்கள் மறுத்து அனுப்பிய காகிதம்தான். கார்டைத் தானே கழற்றியதாக எழுதிக் கொடுத்தால் தொழிற்சாலையின் சாமான் ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை உண்டு, இல்லையென்றால் அதுவும் இல்லை. வீடியோ வரும் என்று நம்பிக்கொண்டிருந்தவரைக்கும் தைரியமாக இருந்தார்களாம். "நீங்க போச்சுன்னு சொன்னீங்க இல்ல, அவரு படுத்துட்டாரு. நான்தான் போட சொன்னேன்" என்றாள். என்மேல் குற்றம் சொல்லும் குரலே இல்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னாள், அவ்வளவுதான்.

இடது கையால் போட்டாரா, ரேகை வைத்தாரா என்று ஒரு கேள்வி என் வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

திரும்பி உள்ளே போனேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நகல் கோடு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை எங்கும் நிற்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு கோப்பாக ஏறி முடிவதைப் பார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. நான் எடுத்த அத்தனை தொழிற்சாலைகளும், அத்தனை ஹெல்மெட்டுகளும் பத்திரமாக வந்து சேர்ந்தன. நேற்றே இங்கே வந்திருக்கலாம். வெள்ளிக்கிழமையே வந்திருக்கலாம். வேப்பம்பட்டிலிருந்து திருவள்ளூர் எத்தனை தூரம்.

திங்கட்கிழமை, வீடியோவைப் போனில் ஏற்றிக்கொண்டு புதுவாயலுக்குப் போனேன். திருவள்ளூர், பெரியபாளையம், ஆரணி என்று பஸ் மாறி மாறி. அதனால் என்ன பயன் என்று எனக்கே தெரியவில்லை; போகாமல் இருக்க முடியவில்லை. நெடுஞ்சாலைக் கடைகளுக்குப் பின்னால் வரிசை வீடுகளில் ஒன்று. அந்தப் பெண் என் வயதில் பாதிதான் இருப்பாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டு அவிழ்த்து ஆறிய கையை லுங்கிக்குள் வைத்திருந்தார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதைக் கேட்க அவர் விடவில்லை. முதலில் வீடியோவைக் காட்டச் சொன்னார். போனைக் கட்டிலில் வைத்து ஓட்டினேன். ஒரு தடவை பார்த்தார். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். அந்தக் கதவையோ கட்டுக்கம்பியையோ அவர் பார்க்கவில்லை என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

"அந்தக் கைய நிறுத்திக் காட்டு அக்கா" என்றார்.

நிறுத்தினேன். தகட்டைப் பிடித்திருந்த வலது கை, ஐந்து விரலும் விரிந்து. அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அந்தப் பெண் அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

கையெழுத்தானதால் வராமல் போன தொழிற்சங்கத்துக்காரரிடம் அங்கிருந்தே போனில் பேசினேன். அப்படி வாங்கிய கையெழுத்தே கடைசி வார்த்தை இல்லை, வீடியோ இருந்தால் இன்னும் பேசிப் பார்க்கலாம், ஆனால் அவர்களே முன்வந்து கேட்க வேண்டும் என்றார். போனைக் கட்டிலில் இருந்தவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஸ்டோரில் வியாழக்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். பென் டிரைவில் ஒரு நகல் எடுத்துப் போயிருந்தேன். அந்தப் பெண் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்களே வெச்சிக்கங்க அக்கா. எங்க ஊட்ல கீதுன்னு தெரிஞ்சா இந்த வேலையும் பூடும். வேணும்னா நானே கேக்கறேன்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பென் டிரைவ் கைக்குள் வியர்வையில் வழுக்கியது.

அதன் பிறகு அந்த மேக்கை முழுக்க அழித்து, மென்பொருளைப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார் அண்ணன். இப்போது நன்றாக ஓடுகிறது. அந்தப் பதினாறாவது கோப்பை இரண்டு டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். ஒன்று என் அலமாரியில், ஒன்று அண்ணனின் ஸ்டூடியோவில். மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பெண்ணுக்கு போன் செய்கிறேன். அவர் வேலைக்குப் போகிறார், இடது கையால் எழுதப் பழகிவிட்டார் என்கிறாள். வீடியோவைப் பற்றி அவள் பேசுவதில்லை. நானாகக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

சென்ற மாதம் அந்தத் தொழிற்சாலையிலிருந்து அழைத்தார்கள். படம் நன்றாக இருந்ததாம். இரண்டாம் பாகம் வேண்டுமாம். வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். அப்போதும் நான் காரணம் சொல்லவில்லை.